முதல் பீஸ் பார்க்காமல் லாட் ஓட்டுவது

கோவை கணபதிப் பக்கம் புதிதாகப் பட்டறை போட்டவனுக்குக் காசில்லாமல் கிடைக்கும் அறிவுரைகளில் முதலிடம் இதற்குத்தான்: “வேண்டாம்னு சொன்னவன்கிட்டப் போயி ஏன்னு கேட்டுட்டு நிக்காதீங்க தம்பி. அது போச்சுன்னா போச்சு. நூறு பேருக்கு மெயில் போடுங்க, ரெண்டு பேராவது கூப்புடுவான்.” எனக்கு இதைச் சொன்ன அண்ணன் முப்பது வருடமாக லேத் ஓட்டுபவர். சங்கக் கூட்டத்துக்குப் பேச வந்த விற்பனைப் பயிற்சியாளர் ஒருவரும் இதையேதான் கோட்டுப் போட்டுக்கொண்டு சொன்னார். மறுப்புகளை எண்ணிக்கொண்டே போக வேண்டுமாம். ஒவ்வொரு ‘இல்லை’யும் ஒரு ‘சரி’க்குப் பக்கத்தில் நம்மைக் கொண்டுபோய் நிறுத்துமாம். எல்லோரும் கைதட்டினோம்; நானும்தான்.

இன்று அந்தப் பேச்சை மறுக்கிறேன். மறுப்பதற்கான ஆயுதத்தை அந்த அண்ணனின் பட்டறையிலிருந்தே எடுக்கிறேன்.

அவரிடம் புது வேலை ஒன்று வந்தால் என்ன நடக்கும்? செட்டர் ஃபிக்ஸரைப் பூட்டி, ஆஃப்செட் கொடுத்து, ஒரே ஒரு பீஸ் ஓட்டுவார். மெஷினை நிறுத்திவிடுவார். அந்தப் பீஸைத் துடைத்து ஆய்வு மேஜைக்குக் கொண்டுபோவார்கள். வரைபடத்தில் இருக்கிற ஒவ்வோர் அளவையும் பார்த்து, தாளில் கையெழுத்து விழுந்த பிறகுதான் மீதி 499 பீஸும் ஓடும். முதல் பீஸ் தள்ளுபடியானால், “அது போச்சுன்னா போச்சு, அடுத்ததை ஓட்டு” என்று சொல்கிற ஆள் அந்தப் பட்டறையில் மறுநாள் இருக்க மாட்டான். எந்த அளவு, எந்தப் பக்கம், எத்தனை மைக்ரான் என்றுதான் முதல் கேள்வி வரும். ஒரு மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு. அதற்கே இத்தனை விசாரணை.

அதே மனிதர் வேலை கேட்டு அனுப்புகிற கடிதத்தை மட்டும் ஒரே மூச்சில் நூறு ஓட்டுகிறார். முதல் பீஸ் பார்ப்பதில்லை. திரும்பி வருவது தள்ளுபடி என்று தெரிந்தும், எந்த அளவில் தள்ளுபடி என்று கேட்பதில்லை. கேட்டால் மரியாதை போய்விடுமாம். ஃபிக்ஸர் கோணலாக இருந்தால் நூறு பீஸும் கோணலாகத்தான் வரும். நூறில் இரண்டு நேராக வந்துவிடும் என்று எந்தப் பட்டறைக்காரனும் நம்ப மாட்டான். கடிதம் என்றால் மட்டும் நம்புகிறான்.

நானும் நம்பியவன்தான். 2024 ஜூனில் என்னிடம் இரண்டு சி.என்.சி. டர்னிங் மெஷினும் ஒரு வி.எம்.சி.யும் இருந்தன. நூற்பாலை இயந்திரங்களுக்குப் பாகம் வாங்கிக்கொண்டிருந்த ஒரே பெரிய வாடிக்கையாளர் ஆர்டரைப் பாதியாகக் குறைத்துவிட்டார். வி.எம்.சி. மதியத்துக்கு மேல் சும்மா நின்றது. தவணை சும்மா நிற்கவில்லை. ஓசூர், ஸ்ரீபெரும்புதூர், பெங்களூரு பீன்யா என்று தேடிப் பிடித்து 38 நிறுவனங்களின் பர்ச்சேஸ் பிரிவுக்கு மெயில் அனுப்பினேன். ‘எங்களை அறிமுகப்படுத்திக்கொள்வதில் பெருமகிழ்ச்சி அடைகிறோம்’ என்று ஆங்கிலத்தில் தொடங்கும் கடிதம் ஒன்று உண்டே, அதேதான். நாட்டில் அதை எழுதாத சிறுதொழில்காரர் இருக்க முடியாது. கூடவே 14 பக்கத்துக்கு நிறுவன அறிமுகம், பி.டி.எஃப். கோப்பாக.

33 பேரிடமிருந்து எதுவும் வரவில்லை. நான்கு பேர், தேவைப்படும்போது தொடர்புகொள்வதாக, யாருக்கும் பொருந்துகிற ஒரே வாசகத்தை அனுப்பினார்கள். ஓசூரிலிருந்து ஒருவர் மட்டும் மூன்று வரி எழுதியிருந்தார். இப்போதைக்குப் புது வெண்டர் சேர்க்கவில்லை, வாழ்த்துகள், பன்னிரண்டாம் பக்கத்தில் இருந்த அலுமினியப் பாகத்தின் ஃபினிஷ் நன்றாக இருக்கிறது.

அண்ணன் சொன்ன கணக்குப்படி அந்த ஓசூர் பதில் மற்ற 37-ஐப் போல இன்னொரு ‘இல்லை’. தூக்கிப்போட்டுவிட்டு 39-ஆவது ஆளுக்கு எழுத வேண்டும். எனக்கு அந்தக் கடைசி வரி மட்டும் உறுத்திக்கொண்டே இருந்தது. பன்னிரண்டாம் பக்கம் வரை அந்த மனிதர் போயிருக்கிறார். 38 பேரில் என் கடிதத்தைப் படித்தவர் என்று எனக்கு நிச்சயமாகத் தெரிந்த ஒரே ஆள் அவர். வேண்டாம் என்றும் சொல்லியிருக்கிறார். அப்படியானால் அந்தக் கோப்பை எங்கோ ஓர் இடத்தில் அவர் மனத்துக்குள் மூடியிருக்க வேண்டும். அந்த இடம் எது என்று அவருக்குத் தெரியும், எனக்குத் தெரியாது.

யாரைக் கேட்பது என்பதில்தான் பலர் கோட்டைவிடுகிறார்கள். பதிலே போடாதவரிடம் போய்ப் பிழை கேட்பது உண்மையிலேயே தொல்லைதான். அதில் அண்ணனோடு எனக்குச் சண்டை இல்லை. வாசகம் ஒட்டி அனுப்பியவரிடமும் பயனில்லை. அவர் படிக்கவே இல்லை. நட்போடு மறுத்தவரைக் கண்டுபிடிக்க ஓர் அடையாளம் போதும்: நம் கடிதத்தைப் படித்தவர் மட்டுமே எழுதக்கூடிய ஒரு சொல் அவர் பதிலில் இருக்கும். பாகத்தின் பெயரோ, பக்க எண்ணோ, ஊரைப் பற்றிய விசாரிப்போ ஏதோ ஒன்று. ‘வாழ்த்துகள்’ கணக்கில் வராது. அதை எல்லோரும் எழுதுவார்கள்.

சரி, கேட்டால் உண்மையைச் சொல்வார்களா? எதிர்த்தரப்பின் வலுவான வாதம் இதுதான். நம் ஊரில் யாரும் முகத்துக்கு நேரே குறை சொல்ல மாட்டார்கள். கேட்டால் “எல்லாம் நல்லாத்தான் இருக்குங்க” என்பார்கள். எதற்கு வீண் வேலை? இதில் பாதி உண்மை இருக்கிறது. அந்தப் பாதியை நானே அனுபவித்திருக்கிறேன். பெங்களூரிலிருந்து பிறகு ஒருவர் இதே போலப் பிரியமாக மறுத்தபோது, “எங்கள் பக்கம் என்ன தவறு என்று தயவுசெய்து சொல்லுங்கள்” என்று எழுதினேன். தவறு எதுவும் இல்லை, உங்களுடையது நல்ல நிறுவனம், எதிர்காலத்தில் பார்க்கலாம் என்று பதில் வந்தது. அவர் பொய் சொன்னார் என்று நான் நினைக்கவில்லை. ‘தவறு’ என்று நான் கேட்டதும், என்னைப் புண்படுத்துவதா வேண்டாமா என்பதே அவர் முன்னால் நின்ற கேள்வியாகிவிட்டது. நல்ல மனிதர், வேண்டாம் என்று முடிவெடுத்தார்.

இன்னொருவரிடம் அதைவிட மோசமாகக் கேட்டேன்: “விலை அதிகமாகத் தெரிந்ததா?” ஆமாம் என்றார். கேட்கிறவனே பதிலை நீட்டினால் யார்தான் வாங்கிக்கொள்ள மாட்டார்கள்? விலை என்பது வியாபாரத்தில் ‘தலைவலி’ மாதிரி. கல்யாணத்துக்கு ஏன் வரவில்லை என்று கேட்டால் தலைவலி என்கிறோம். யாரும் மேற்கொண்டு விசாரிப்பதில்லை. விலை என்று சொன்னால் யார் மனமும் புண்படாது, பேச்சும் அத்தோடு முடிந்துவிடும். இத்தனைக்கும் அந்தக் கடிதத்தில் நான் விலையே போட்டிருக்கவில்லை.

ஆக, உண்மை வராததற்கு நம் ஊர்க் குணத்தை மட்டும் பழி சொல்லிப் பயனில்லை. கேள்வியிலேயே கோளாறு இருக்கிறது. ஓசூர்க்காரருக்கு நான் எழுதியது தற்செயலாக நன்றாக அமைந்துவிட்டது. ஆங்கிலத்தில் எழுதியதன் சாரம் இது:

“உங்கள் முடிவை மாற்றச் சொல்லி இதை எழுதவில்லை. இந்த ஆண்டு உங்களிடம் மறுபடி வேலை கேட்டு எழுதவும் மாட்டேன். இதே கடிதத்தை அடுத்த மாதம் இன்னும் இருபது பேருக்கு அனுப்பப்போகிறேன். படித்துக்கொண்டு வரும்போது எந்த இடத்தில் ‘இது நமக்கு ஆகாது’ என்று உங்களுக்குத் தோன்றியது? ஒரு வரி போதும். நேரமில்லை என்றால் விட்டுவிடுங்கள், தவறாக எடுத்துக்கொள்ள மாட்டேன்.”

முதல் இரண்டு வரிகள் இல்லாமல் மற்றதெல்லாம் வீண். பர்ச்சேஸில் இருப்பவர் எந்தக் கேள்வியையும் மறைமுகமான விற்பனையாகத்தான் பார்ப்பார். காரணம் சொன்னால் அந்தக் காரணத்தைச் சரிசெய்துவிட்டேன் என்று மறுவாரம் வந்து நிற்பான் என்ற பயம் அவருக்கு உண்டு. அனுபவத்தில் வந்த பயம். அந்தக் கதவை நாமே சாத்தினால்தான் அவர் வாய் திறப்பார். சாத்திய கதவைப் பிறகு நாமே திறக்கவும் கூடாது.

கேள்வியின் மையம் ‘எந்த இடத்தில்’ என்பது. ‘ஏன்’ என்று கேட்டால் அவர் தன் முடிவுக்கு நியாயம் சொல்ல வேண்டியிருக்கிறது. மனிதர்கள் நியாயத்தைப் பிற்பாடுதான் தயாரிக்கிறார்கள். ‘எந்த இடத்தில்’ என்றால் நினைவைச் சொன்னால் போதும். யாரையும் எடைபோடத் தேவையில்லை. இருபது பேருக்கு அனுப்பப்போகிறேன் என்ற வரிக்கும் வேலை இருக்கிறது. 2019-இல் ஹார்வர்டு வணிகப் பள்ளி ஆய்வாளர்கள் சிலர் இதைச் சோதித்திருக்கிறார்கள். ஒரே விஷயத்தைப் பற்றிச் சிலரிடம் ‘கருத்து’ கேட்டார்கள், சிலரிடம் ‘ஆலோசனை’ கேட்டார்கள். ஆலோசனை கேட்கப்பட்டவர்களே குறைகளையும் மாற்ற வேண்டியவற்றையும் கூடுதலாக, குறிப்பாகச் சொன்னார்கள். கருத்து என்றதும் மனம் முடிந்துபோனதற்கு மதிப்பெண் போடப் பார்க்கிறது. ஆலோசனை என்றதும் இனி நடக்கப்போவதை யோசிக்கிறது. என் கடிதம் அவரிடம் என் பழைய கடிதத்துக்கு மார்க் கேட்கவில்லை. இன்னும் போகாத இருபது கடிதங்களைக் காப்பாற்றச் சொன்னது.

மறுநாள் மாலை ஷிஃப்ட் மாறும் நேரத்தில் போன் வந்தது. பத்து நிமிடம் பேசியிருப்பார்.

“சார், உங்க பி.டி.எஃப்-ல மொதோ மூணு பக்கம் சாமி படம், சேர்மன் செய்தி, விஷன், மிஷன். மெஷின் லிஸ்ட் பதினோராம் பக்கத்துல இருக்கு. நாங்க தேடறது மூணே விஷயம். எவ்வளவு பெரிய பாகம் பிடிப்பீங்க, மாசத்துக்கு எத்தனை மணி நேரம் மெஷின் காலியா இருக்கு, அளவு பார்க்க என்ன வெச்சிருக்கீங்க. ஆனா நான் மூடினது அங்க இல்ல சார்.”

மூடிய இடம் பதின்மூன்றாம் பக்கமாம். இரண்டாம் பக்கத்தில், எல்லாப் பாகங்களிலும் ±5 மைக்ரான் துல்லியம் என்று பெரிய எழுத்தில் போட்டிருந்தேன். பதின்மூன்றாம் பக்கத்தில் அளவுக்கருவிகளின் பட்டியல். அதில் இருந்தவை டிஜிட்டல் வெர்னியரும், 0.01 மி.மீ. வரை காட்டும் மைக்ரோமீட்டர்களும்தான். 0.01 மி.மீ. என்றால் பத்து மைக்ரான். ±5 மைக்ரானில் கீழ் எல்லைக்கும் மேல் எல்லைக்கும் நடுவே இருக்கும் மொத்த இடமே பத்து மைக்ரான். அதாவது நான் வாக்குக் கொடுத்த துல்லியம் முழுவதும் என் கருவியின் ஒரே ஒரு கோட்டுக்குள் அடங்கிவிடுகிறது. பாகம் சரியா தப்பா என்று எனக்கே தெரிய வழியில்லை. எல்லையின் அகலத்தில் பத்தில் ஒரு பங்கையாவது கருவி பிரித்துக் காட்ட வேண்டும் என்பது ஆய்வு மேஜைகளில் பழைய வழக்கம். அந்தக் கணக்கில் எனக்கு ஒரு மைக்ரான் காட்டும் கருவி வேண்டும்.

“அளக்க முடியாத துல்லியத்த எப்படி சார் கொடுப்பீங்க?” என்று அவர் கேட்டபோது காது சூடானது. ஐ.டி.ஐ. முடித்த பையன் கண்டுபிடிக்கிற முரண்பாடு. அதை நான் 38 பேருக்கு என் லோகோ போட்டு அனுப்பியிருக்கிறேன். ±5 என்ற எண்ணை எங்கிருந்து எடுத்தேன் என்று யோசித்துப் பார்த்தேன். மெஷின் விற்றவர் கொடுத்த கையேட்டில், அச்சுகள் போய் நிற்கும் துல்லியம் என்று போட்டிருந்த எண் அது. அது மெஷினுடைய எண். வெட்டி முடித்து, சூடு ஆறி, கிளாம்பிலிருந்து கழற்றிய பாகத்தின் எண் அல்ல.

இந்தத் தொலைபேசி வராதிருந்தால் என்ன செய்திருப்பேன் என்பதுதான் இந்த விவாதத்தின் மையம். மறுப்புகளை எண்ணச் சொல்கிறவர்கள் ஒன்றை மறந்துவிடுகிறார்கள்: காரணம் கேட்காத மனிதன் காரணமில்லாமல் இருப்பதில்லை. தானே ஒன்றைச் செய்துகொள்கிறான். நான் செய்து வைத்திருந்த காரணங்கள் இரண்டு. ஒன்று, ஆள் பழக்கம் இருந்தால்தான் உள்ளே விடுவார்கள். மற்றது, மணிக்கூலி அதிகம். வி.எம்.சி.க்கு மணிக்கு ஐம்பது ரூபாய் குறைத்துவிட்டு, அதையே கடிதத்தின் முதல் வரியாகப் போட்டு அடுத்த இருபதை அனுப்பத் தயாராக இருந்தேன். அந்த இருபதிலும் ±5 மைக்ரான் அப்படியே இருந்திருக்கும். கூலியைக் குறைத்து, பொய்யை வைத்துக்கொண்டு போயிருப்பேன். விலை குறைவு, துல்லியம் அதிகம் என்று ஒரே தாளில் பார்த்த பர்ச்சேஸ்காரர் இன்னும் சீக்கிரம் மூடியிருப்பார்.

‘நூறு அனுப்பு’ வாதத்தில் இன்னொரு ஓட்டை உண்டு. நூறு பேருக்கு எங்கே போவது? சோப்பு விற்பவனுக்கு ஊரெல்லாம் வாசல். என் மெஷினில் பிடிக்கிற அளவில், என் லாட் அளவுக்கு, ஒரு ராத்திரி லாரி ஓட்டத்துக்குள் வேலை கொடுக்கக்கூடியவர்கள் என்று உட்கார்ந்து எழுதினால் அறுபது பெயரைத் தாண்டவில்லை. அதில் 38-ஐ ஒரே வாரத்தில் செலவழித்துவிட்டேன். பர்ச்சேஸில் இருப்பவர்கள் நிறுவனம் மாறும்போது நினைவையும் எடுத்துக்கொண்டுதான் போகிறார்கள். ஐந்து மைக்ரான் கணபதிக்காரன் என்று ஒருவர் மனத்தில் பதிந்தால், அவர் போகிற இடமெல்லாம் நானும் அப்படியே போவேன்.

ஜியா ஜியாங் என்பவரின் கதையை விற்பனைப் பேச்சாளர்கள் அடிக்கடி எடுப்பார்கள். அமெரிக்காவில் வசித்த அவர் மறுப்பின் பயம் போக வேண்டும் என்று, 2012-இல் நூறு நாள் வேண்டுமென்றே விசித்திரமான உதவிகளைக் கேட்டு அலைந்தவர். ஒரு நாள் கையில் பூச்செடியோடு ஒரு வீட்டுக் கதவைத் தட்டி, உங்கள் பின்கட்டில் இதை நடட்டுமா என்று கேட்டார். வீட்டுக்காரர் மறுத்தார். ஏன் என்று தெரிந்துகொள்ளலாமா என்றதற்கு, என் நாய் எதை நட்டாலும் தோண்டிப்போடும், எதிர்வீட்டு அம்மாவுக்குப் பூ என்றால் உயிர், அங்கே போ என்றார். எதிர்வீட்டில் நட்டார்கள். இதிலிருந்து பேச்சாளர்கள் எடுக்கிற பாடம், ‘ஏன்’ என்று கேட்டால் ‘இல்லை’ ‘சரி’யாக மாறும் என்பது. எனக்கு அது பிடிக்கவில்லை. கதையில் உண்மையான சரக்கு நாய்தான். ஏன் என்று கேட்காவிட்டால், வீட்டுக்காரர் தன்னை நம்பவில்லை என்று நினைத்துக்கொண்டு ஜியாங் போயிருக்கலாம். காரணம் அவரே அல்ல. ‘சரி’யாக மாற்றுவதற்காகவே கேட்கிறவனின் குரல் கேட்டவுடன் தெரிந்துவிடும். எதிரில் இருப்பவர் நாயைப் பற்றிச் சொல்ல மாட்டார்.

இதை நானே கெடுத்துக்கொண்ட கதையும் உண்டு. ஸ்ரீபெரும்புதூரில் ஒருவர் வெளிப்படையாகவே சொன்னார்: எங்களுக்குப் பாகம் தருகிறவர்களிடம் ஐ.ஏ.டி.எஃப். 16949 சான்றிதழ் எதிர்பார்ப்போம், உங்களிடம் ஐ.எஸ்.ஓ. 9001 மட்டும்தான் இருக்கிறது. நன்றி சொல்லி நிறுத்தியிருக்க வேண்டும். சான்றிதழ் இல்லாமலேயே எங்கள் தரம் எப்படி உயர்ந்தது என்று மூன்று பத்தி எழுதினேன். அதற்குப் பிறகு அவரிடமிருந்து ஒரு புள்ளிகூட வரவில்லை. கருத்துக் கேட்டுவிட்டு வாதாடுவது, ஆய்வாளர் தள்ளிய பீஸைப் பிடுங்கி மறுபடி அளக்கச் சொல்வது போலத்தான். அடுத்த முறை அவர் தள்ளுவதற்குக் காரணம் எழுத மாட்டார்.

ஒருவர் சொன்னதை வைத்துக்கொண்டு எல்லாவற்றையும் மாற்றுவதா என்று கேட்பவர்களுக்குப் பதில் சுருக்கமானது: எல்லாவற்றையும் மாற்றக் கூடாது. ஓசூர்க்காரர் சொன்னதில் இரண்டு வகை இருந்தது. ±5 மைக்ரானும் கருவிப் பட்டியலும் முட்டிக்கொள்வது என் தாளிலேயே இருக்கிற விஷயம். காட்டிவிட்டால் எனக்கே தெரிகிறது, இரண்டாம் சாட்சி தேவையில்லை. சாமி படம் வேண்டாம் என்பது அவர் ரசனை. அதற்காகப் பிள்ளையாரை நீக்க எனக்கு மனம் வரவில்லை. கடைசிப் பக்கத்துக்கு மாற்றினேன். இன்னும் இரண்டு பேர் சொன்னால் யோசிக்கலாம்.

14 பக்கம் ஒரே பக்கமானது. பிள்ளையார் அதன் பின்புறம். மெயிலின் தலைப்பில் ‘நிறுவன அறிமுகம்’ போய், ‘கோவை, வி.எம்.சி. ஜாப் ஒர்க், 800 × 500 மி.மீ. வரை, மாதம் 120 மணி நேரம் காலி’ என்று வந்தது. ஒரு மைக்ரான் காட்டும் டிஜிட்டல் மைக்ரோமீட்டரும் ஒரு போர் கேஜும் வாங்கினேன். அப்படியும் ±5 என்று எழுதவில்லை. நாங்கள் தொடர்ந்து தரக்கூடியது ±20 மைக்ரான். அதற்கு மேல் கேட்டால் வெளியே சி.எம்.எம். ஆய்வுக்கு அனுப்பி அறிக்கையோடு தருவோம், செலவு தனி என்று எழுதினேன். துல்லியத்தைக் குறைத்து எழுதியது கை கூசிய காரியம். போட்டியாளர்கள் எல்லோரும் இன்னும் ±5-லேயே இருக்கிறார்கள்.

22 பேருக்குப் போனது. மூன்று பேர் வரைபடம் அனுப்பி விலை கேட்டார்கள். நான்கு மாதம் கழித்து அதில் ஒன்று ஆர்டரானது, பம்புக்கான ஒரு வார்ப்பு மூடி. கடிதம் மாறியதால்தான் இது நடந்தது என்று நான் சத்தியம் செய்ய மாட்டேன். அது ஆர்டர்கள் திரும்பிக்கொண்டிருந்த காலம். 38-க்கும் 22-க்கும் நடுவே அதுவும் மாறியிருக்கிறது. இத்தனை சின்ன எண்களை வைத்துக்கொண்டு சதவீதம் பேசுவது நான் எதிர்க்கிறவர்களின் வேலை. ஒன்று மட்டும் சொல்ல முடியும்: விலை கேட்ட மூவரில் இருவர் முதல் பேச்சிலேயே அந்த ±20-ஐப் பற்றித்தான் கேட்டார்கள்.

ஓசூர்க்காரர் போனை வைப்பதற்கு முன்னால் இன்னொன்றும் சொன்னார். குரலைத் தாழ்த்திக்கொண்டு, எழுத்தில் வராத விஷயம் என்றார். “உங்க லெட்டர்ல உத்யம் நம்பர் பெருசா போட்டிருக்கீங்க. எங்க அக்கவுண்ட்ஸ்ல அதப் பார்த்தா யோசிப்பாங்க சார். நாங்க 75 நாள் கிரெடிட்.”

குறு, சிறு நிறுவனத்துக்குப் பணம் 45 நாளுக்குள் போக வேண்டும், எழுத்து ஒப்பந்தம் இல்லை என்றால் 15 நாளுக்குள் போக வேண்டும் என்பது 2006-ஆம் ஆண்டின் எம்.எஸ்.எம்.இ. சட்டம். வருடக்கணக்கில் அதை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. 2023 நிதிச் சட்டம் வருமான வரிச் சட்டத்தின் 43பி பிரிவில் ஓர் உட்பிரிவைச் சேர்த்தது. 2024 ஏப்ரல் 1 முதல் அது நடைமுறைக்கு வந்தது. அந்தக் கெடுவைத் தாண்டினால், பணம் கொடுத்த வருடத்தில்தான் அந்தச் செலவைக் கழித்துக்கொள்ள முடியும். மார்ச் முடிவில் நிலுவை நின்றால் வாங்கியவருக்கு வரி கூடும். நமக்காக வந்த பாதுகாப்பு, சிலருக்கு நம்மைத் தவிர்க்கக் காரணமாகிவிட்டது. ஓசூர்க்காரர் இதை மெயிலில் எழுதியிருக்கவே மாட்டார். அதனால்தான் அந்த மாதிரி பதில் கேட்கும்போது என் கைபேசி எண்ணையும் கீழே போட்டுவிடுகிறேன்.

இந்தக் காரணத்தை என்ன செய்வது என்று அன்று ராத்திரி வெகுநேரம் யோசித்தேன். எண்ணை எடுத்துவிடச் சுலபமாக முடியும். எடுத்தால், ஆர்டர் வந்த பிறகு 75 நாளுக்கு வாய் திறக்காமல் இருக்கச் சம்மதித்த மாதிரி ஆகிவிடும். மூலப்பொருள் கடைக்காரன் எனக்கு 75 நாள் கொடுக்கப்போவதில்லை. ±5 மைக்ரான் என் பிழை, திருத்தினேன். இது என் பிழை இல்லை. அறுபது பெயர் இருந்த பட்டியலை எடுத்து, நீண்ட கிரெடிட்டுக்குப் பேர்போன ஏழு நிறுவனங்களைப் பென்சிலால் அடித்தேன். ஓசூர் நிறுவனமும் அதில் ஒன்று. உத்யம் எண் இப்போதும் பழைய இடத்தில், பழைய எழுத்து அளவிலேயே இருக்கிறது.